நாலு பேரும் அந்த ஹாலில்தான் இருக்கிறார்கள்: உதவி கேட்பது பற்றி எட்டு நிமிடம் பேசப்போகிறவர்களுக்கு

கல்லூரி மனநல கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஒருங்கிணைப்பாளர் மேடம் வந்து, "வியாழக்கிழமை செமினார் ஹாலில் எட்டு நிமிஷம் பேசணும், தயங்காம உதவி கேட்கிறது பத்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று இரவே லேப்டாப்பைத் திறந்து, 'ஸ்டிக்மா என்றால் என்ன' என்று தேடி, ஒரு வரையறையை முதல் ஸ்லைடில் ஒட்டி, இருட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரின் படத்தை இரண்டாவது ஸ்லைடில் வைத்துவிடுவீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். 22 ஸ்லைடு. கடைசியில் "கேள்வி இருக்கா?" என்று கேட்டபோது பின் வரிசையிலிருந்து வந்த ஒரே கேள்வி, "சர்ட்டிபிகேட் உண்டா?"

அந்தப் பேச்சு எங்கே சொதப்பியது என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. நான் தொடங்கிய விதமே தப்பு. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் ஒரு எண் இருக்கிறது: பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநலப் பிரச்சினைகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. இதை அதிர்ச்சிக்காக முதல் வரியில் வைத்தேன். சரியான எண்தான். ஆனால் ஹாலில் உட்கார்ந்திருந்தவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? 'ஓ, நூற்றில் எண்பத்தைந்து பேர் போவதில்லை, அப்போ நான் போகாததும் சகஜம்தான்.' அமெரிக்காவின் அரிசோனாவில் கல்மரக் காடு ஒன்று, பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் என்று பெயர், அங்கே 'நிறைய பேர் கல்மரத் துண்டுகளை எடுத்துப்போய்விட்டார்கள், அதனால் காடு அழிகிறது' என்று பலகை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது திருட்டு கூடியதுதான் மிச்சம். எல்லோரும் செய்கிறார்கள் என்று சொன்னால் அது அனுமதிச் சீட்டு மாதிரி ஆகிவிடுகிறது. ஆகவே முதல் வேலை, 'யாருமே உதவி கேட்பதில்லை' என்ற வாக்கியத்தை உங்கள் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். எந்த வடிவத்திலும் வேண்டாம்.

சரி, அதற்குப் பதிலாக என்ன?

பயம் யாரைப் பற்றியது என்று பாருங்கள்

நம் ஊரில் இந்தப் பயத்துக்கு ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது: 'நாலு பேர் என்ன நினைப்பாங்க.' யார் அந்த நாலு பேர் என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரியைப் பொறுத்தவரை அந்த நாலு பேரும் அதே ஹாலில், உங்கள் எதிரில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களையே கேட்டுப் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் 13 பல்கலைக்கழகங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் எடுத்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. மனநலச் சிகிச்சை எடுத்தவரைப் பற்றி 'நீ என்ன நினைக்கிறாய்?' என்றும், 'மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?' என்றும் தனித்தனியாகக் கேட்டார்கள். மற்றவர்கள் கேவலமாக நினைப்பார்கள் என்று சொன்ன அளவுக்கு, தானே கேவலமாக நினைப்பதாக யாரும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. நான் உன்னைத் தப்பாக நினைக்கவில்லை, ஆனால் நீ என்னைத் தப்பாக நினைப்பாய் என்று நான் நம்புகிறேன். நீயும் அப்படியே நம்புகிறாய்.

இந்த ஆய்வைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: உதவி தேடாமல் இருந்ததோடு அதிகம் ஒட்டி நின்றது, மற்றவர்களைப் பற்றிய பயம் அல்ல, சொந்த மனதில் இருந்த மட்டமான எண்ணம். அதாவது நாலு பேரை அடக்கினால் மட்டும் போதாது, உள்ளே ஐந்தாவதாக ஒருத்தன் உட்கார்ந்து 'இதுக்கெல்லாம் போய் யார்கிட்டயாவது நிற்பியா, அவ்வளவு வீக்கா நீ' என்கிறான், அவனையும் கவனிக்க வேண்டும். ஆகவே எட்டு நிமிடத்தில் இரண்டு வேலை. நாலு பேருக்குச் சீட்டு. ஐந்தாவது ஆளுக்கு ஒரு மனிதர்.

சீட்டு

ஏ-ஃபோர் தாளை நாலாக மடித்துக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டே கேள்வி, அச்சடித்தோ ஜெராக்ஸ் எடுத்தோ. முதலாவது: 'உன் நண்பன் கவுன்சிலரைப் பார்க்கப் போனதாகத் தெரிந்தால் அவன் மீது உனக்கு மதிப்புக் குறையுமா?' இரண்டாவது: 'இந்த ஹாலில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு அவன் மீது மதிப்புக் குறையும் என்று நினைக்கிறாயா?' ஆம், இல்லை என்று கட்டம் போட்டு, டிக் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் கையெழுத்து தெரிந்துவிடும்.

இதை ஏன் கூகுள் ஃபார்மில் செய்யக் கூடாது என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். செய்யலாம்தான். ஆனால் கல்லூரி மெயிலில் லாக்-இன் செய்தபடி ஃபார்ம் திறக்கும்போது, பெயர் போகாது என்று நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்பாத கை 'நல்ல' பதிலைத்தான் தட்டும். கை தூக்கச் சொல்வது அதைவிட மோசம், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். காகிதம்தான் பாதுகாப்பு. ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள், இரண்டு தன்னார்வலர்கள் பின்னால் உட்கார்ந்து எண்ணட்டும், நாற்பது ஐம்பது சீட்டுக்கு மூன்று நிமிடம் போதும், அதற்குள் நீங்கள் அடுத்த பகுதியைப் பேசிக்கொண்டிருக்கலாம். இருபது பேருக்குக் குறைவான கூட்டமென்றால் இந்த விளையாட்டே வேண்டாம், 'ஆம்' போட்ட மூன்று பேர் யாரென்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

எண்ணிக்கை வந்ததும் அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். 40 சீட்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்விக்கு 'ஆம்' 6, இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' 27. நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இந்த ரூம்ல 27 பேர், மத்தவங்க நம்மள மட்டமா நினைப்பாங்கன்னு பயப்படுறோம். உண்மையிலேயே அப்படி நினைக்கிறவங்க 6 பேர். மிச்சம் 34 பேர் நினைக்கல." அதன் பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லத் துடிக்கும், வேண்டாம், அந்த இரண்டு எண்களையும் அவர்களே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

எண் உங்களுக்கு எதிராக வந்தால்? முதல் கேள்விக்கே 'ஆம்' 19 என்று வரலாம். எனக்கு ஒரு முறை கிட்டத்தட்ட அப்படி வந்தது, பதறிப்போய் அடுத்த ஸ்லைடுக்குத் தாவினேன், அதுதான் இன்று வரை எனக்கு வருத்தம். மறைக்காதீர்கள். "சரி, இந்த ரூம்ல பயம் வெறும் கற்பனை இல்ல, அப்போ யார்கிட்ட சொல்றதுன்னு பார்த்துத்தான் சொல்லணும், எல்லார்கிட்டயும் சொல்லணும்னு ஒண்ணுமில்ல" என்று நேராகச் சொல்லிவிட்டு, யாரிடம் சொல்வது என்ற பகுதிக்குப் போய்விடுங்கள். அதுவும் உண்மையான பேச்சுதான். முடிந்ததும் சீட்டுகளை எல்லோர் கண்ணெதிரிலும் கிழித்துப் போடுங்கள்.

ஒரு மனிதர்

மனநலக் களங்கம், அதாவது அந்த ஸ்டிக்மா, எதனால் குறைகிறது என்று பாட்ரிக் கோரிகன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 72 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்டார்கள். தகவல் சொல்வதும் பலன் தருகிறது, ஆனால் வளர்ந்தவர்களிடம் அதைவிட அதிகம் வேலை செய்வது, அந்தக் கஷ்டத்தைக் கடந்துவந்த ஒருவரை நேரில் பார்ப்பது. பதின்வயதினரிடம் இது மாறி, தகவல்தான் முன்னே நிற்கிறது. கல்லூரிக்காரர்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள், அதனால் நான் இரண்டையும் வைப்பேன், மனிதருக்குத்தான் அதிக நேரம்.

யாரைக் கூப்பிடுவது? புகழ்பெற்றவர் வேண்டாம். 'அவருக்கென்ன, பணம் இருக்கு' என்று ஐந்தாவது ஆள் தப்பித்துவிடுவான். அதே கல்லூரியில் படித்து, அதே மெஸ்ஸில் சாப்பிட்டு, அதே பேப்பரில் அரியர் வைத்த ஒரு சீனியர் போதும். அவர் கஷ்டத்தின் நடுவில் இருக்கக் கூடாது, ஓரளவு கடந்து வந்திருக்க வேண்டும். இன்னும் தினமும் அழுகிறவரை மேடையேற்றினால் அவரைத்தான் காயப்படுத்துவீர்கள்.

மூன்று நிமிடம் கொடுங்கள். முன்னாடியே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்: கஷ்டம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நிமிடம், யாரிடம் போய் என்ன வார்த்தை சொன்னேன், அவர் என்ன செய்தார், அதன் பிறகு என்ன மாறியது, எது மாறவில்லை என்பதற்கு இரண்டு நிமிடம். நிறைய பேச்சுகளில் இந்த விகிதம் தலைகீழாகிவிடுகிறது, ஒன்பது பங்கு துயரம், கடைசியில் 'அப்புறம் கவுன்சிலிங் போனேன், சரியாயிடுச்சு.' கேட்பவனுக்குத் துயரம் புதிதல்ல. அந்த 'அப்புறம்' என்ற சொல்லுக்குள் என்ன நடந்தது என்பதுதான் தெரியாது. தற்கொலை முயற்சி பற்றிப் பேச வேண்டியிருந்தால் வழிமுறை, இடம், பொருள் எதையும் சொல்லக் கூடாது. 'மார்க் குறைஞ்சதால' என்று ஒரே காரணத்தில் கட்டவும் கூடாது. ஊடகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதிகள்தான் இவை, செமினார் ஹாலுக்கும் பொருந்தும்.

இன்னொன்று, அவர் கடைசி நிமிடத்தில் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். பேச வந்தால் ஹாலில் யாரும் போன் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரு ஸ்டேட்டஸ் போதும், அவர் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். யாரும் கிடைக்கவில்லை என்றால் கதை கட்டாதீர்கள். 'எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு' என்று தொடங்கும் கட்டுக்கதை ஹாலுக்கு உடனே தெரிந்துவிடும். நீங்களே எப்போதாவது யாரிடமாவது உதவி கேட்டிருப்பீர்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அதைச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் வார்த்தைகள் பற்றி ஒன்று. 'டிப்ரஷன் என்பது சர்க்கரை வியாதி மாதிரி, மூளையில் ஒரு கெமிக்கல் குறைபாடு' என்று சொல்லும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். இது மாதிரி உடல்ரீதியான விளக்கங்களை வைத்து நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2013இல் வந்தது: விளக்கத்தைக் கேட்டவர்கள் நோயாளியைக் குறை சொல்வது குறைகிறது, ஆனால் 'இது சரியாகாது' என்ற எண்ணம் கூடுகிறது. நம்ம வீட்டில் சர்க்கரை வியாதி என்றால் என்ன அர்த்தம்? ஆயுள் முழுக்க மாத்திரை, தாத்தாவுக்குக் காலில் புண், கல்யாணப் பேச்சில் மறைக்க வேண்டிய விஷயம். இந்த உவமையை எடுத்துக்கொண்டு களங்கத்தைத் துடைக்கப் போகிறோம்! நான் இப்போது சொல்வது: "தொடர்ந்து தூக்கம் கெட்டு, மனசு பாரமா இருந்தா உடம்பும் மூளையும் சேர்ந்து சோர்ந்துபோகும். நிறைய பேருக்குப் பேசுறதாலயும், தேவைப்பட்டா சில காலம் மருந்தாலயும் இது குறையுது."

'கீழ்ப்பாக்கம் கேஸ்' ஜோக்கும் வேண்டாம், ஹாலைச் சிரிக்கவைக்கக் கூட. 1794இல் தொடங்கிய அந்த மருத்துவமனை இன்றைக்கும் வெளிநோயாளிகளைப் பார்க்கிற அரசு மருத்துவமனை. உங்கள் ஹாலில் ஒருவனின் அம்மா அங்கே மாதாமாதம் போய் மருந்து வாங்கிக்கொண்டிருக்கலாம்.

முதல் வாக்கியம்

என்னைக் கேட்டால் எட்டு நிமிடத்தில் மிக முக்கியமானது இதுதான், ஆனால் பெரும்பாலான பேச்சுகளில் இது இருப்பதே இல்லை. 'தயங்காமல் உதவி கேளுங்கள்' என்கிறோம். எப்படிக் கேட்பது? கதவைத் தட்டி உள்ளே போய் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டல், இரண்டு அரியர். மூன்று வாரமாக விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அதன் பிறகு தூக்கம் கிடையாது. காலை வகுப்புக்குப் போவதில்லை, அட்டெண்டன்ஸ் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மென்டார் சாரிடம் போய், "சார், மனசு சரியில்ல" என்கிறான். சார் கெட்டவர் இல்லை. "எல்லாருக்கும் அப்படித்தான்பா இருக்கும், படிப்புல கவனம் வை, ஊருக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வா" என்கிறார். பையன் 'தேங்க்ஸ் சார்' சொல்லிவிட்டு வெளியே வருகிறான், இனி யாரிடமும் கேட்கப்போவதில்லை என்ற முடிவோடு.

இதில் சார் மீது மட்டும் பிழை சொல்ல முடியாது. 'மனசு சரியில்ல' என்பது கிரிக்கெட்டில் தோற்றாலும் சொல்வது, சாவு வீட்டுக்குப் போய் வந்தாலும் சொல்வது. கேட்பவருக்கு அதன் கனம் தெரியவில்லை, தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறான் என்றும் தெரியவில்லை, அதனால் கையில் இருந்த அறிவுரையை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதே பையன் இப்படிச் சொல்லியிருந்தால்:

"சார், மூணு வாரமா நைட்டு மூணு மணிக்கு மேல தூக்கமே வரல. காலைல கிளாஸுக்கு வர முடியல, அதான் அட்டெண்டன்ஸ் இப்படி இருக்கு. எனக்கு கவுன்சிலர் மேடத்தைப் பார்க்கணும். தனியா போகத் தயக்கமா இருக்கு, நீங்க ஒரு போன் பண்ணிச் சொல்ல முடியுமா?"

இதில் நாலு விஷயம் இருக்கிறது. உடம்பில் என்ன நடக்கிறது, எத்தனை நாளாக, அதனால் எது கெட்டுப்போகிறது, எனக்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும். நோயின் பெயர் இல்லை. டிப்ரஷனா, ஆங்சைட்டியா என்று அவன் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பெயர் சொன்னால் சில சமயம் 'இன்ஸ்டாகிராம் பார்த்துட்டு வந்துட்டான்' என்று தள்ளிவிடுவார்கள். மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது என்பதை யாரும் தள்ள முடியாது. கடைசி விஷயம்தான் எல்லோரும் விட்டுவிடுவது: கேட்பவருக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துவிட்டால் அவர் அறிவுரை சொல்லும் நிலையிலிருந்து செய்யும் நிலைக்கு வந்துவிடுகிறார். ஒரு போன்தானே, பண்ணிவிடுவார்.

வீட்டில் சொல்வதற்கும் இதே அச்சுதான், கொஞ்சம் மாறும். "அம்மா, எனக்கு டிப்ரஷன்" என்றால் மறுமுனையில் அழுகை, பிறகு 'யார் கண்ணு பட்டுச்சோ.' "அம்மா, மூணு வாரமா சரியா தூங்கல, சாப்பாடும் இறங்கல, டாக்டரைப் பார்த்துட்டு வரேன், கூட வரியா?" என்றால் அம்மா வந்துவிடுவார். பொய் இல்லை. உள்ளே போன பிறகு மிச்சத்தை டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஹாலில் இதைச் சொல்லிவிட்டு, தொண்ணூறு விநாடி கொடுத்து, எல்லோரையும் தங்கள் போனில் அந்த நாலு விஷயத்தையும் தங்களுக்கோ ஒரு நண்பனுக்கோ எழுதச் சொல்லுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். பாதிப் பேர் ரீல்ஸ் பார்ப்பார்கள், பார்க்கட்டும். மிச்சம் பாதியில் யாரோ ஒருவரிடம் அந்த வரிகள் இருக்கும், இரண்டு மாதம் கழித்துக்கூட.

பேசும் முன்னால் அந்த அறைக்குப் போய் வாருங்கள்

கவுன்சிலர் அறை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் 'கவுன்சிலரைப் பாருங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான். பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தால், ஹெச்.ஓ.டி. அறைக்கு நேர் எதிரே, வாசலில் பெயர், துறை, 'வந்த காரணம்' எழுத ஒரு பெரிய ரெஜிஸ்டர். காரணம் என்ற கட்டத்தில் ஒருவர் 'ஜெராக்ஸ்' என்று எழுதியிருந்தார். யார் போவார்கள்? கவுன்சிலரிடமே இதைச் சொன்னோம், அவருக்கும் அந்த ரெஜிஸ்டர் பிடிக்கவில்லை, பெயருக்குப் பதில் வரிசை எண் என்று மாற்ற மூன்று வாரம் ஆனது. எங்கள் கிளப் அந்த வருடம் செய்த எல்லா நிகழ்ச்சிகளையும்விட அது பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

போய்க் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை: எந்த நாள், எத்தனை மணி, முன்பதிவு வேண்டுமா, வகுப்பு நேரத்தில் வந்தால் ஓ.டி. சீட்டில் என்ன எழுதுவார்கள். முதல் பத்து நிமிடத்தில் என்ன கேட்பார்கள். எதை வெளியே சொல்ல மாட்டார்கள், எப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். கடைசிக் கேள்வி கட்டாயம். சிகிச்சைத் தகவல்களின் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது, கூடவே விதிவிலக்குகளையும் சொல்கிறது, உயிருக்கு ஆபத்து என்பது அதில் ஒன்று. கல்லூரிக் கவுன்சிலர்கள் பொதுவாகப் பின்பற்றும் தொழில்நெறியும் இதே மாதிரிதான், ஆனால் உங்கள் கல்லூரி நடைமுறை என்ன என்பதை அவர் வாயாலேயே கேட்டு, அந்த வார்த்தையிலேயே ஹாலில் சொல்லுங்கள். "எதுவுமே வெளிய போகாது" என்று நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு முறை அது உடைந்தால் கிளப்பே முடிந்தது. மென்டார் வேறு, கவுன்சிலர் வேறு என்பதையும் சொல்லிவிடுங்கள், பல பேருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கல்லூரியில் கவுன்சிலரே இல்லையா? 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான கவுன்சிலர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, அதைப் பிரின்சிபாலிடம் மரியாதையாகக் கொண்டுபோய்க் காட்டலாம். அது வரும்வரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் என்றால் டெலி மானஸ் 14416, 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை, இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050. எந்த எண்ணாக இருந்தாலும் பேச்சுக்கு முதல் நாள் நீங்களே ஒரு முறை அடித்துப் பாருங்கள். எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது, முதலில் மொழி கேட்கிறதா, என்ன பட்டனை அழுத்த வேண்டும், இதையெல்லாம் ஹாலில் சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும்.

மைக்கை வைத்த பிறகு

பேச்சு முடிந்து இருபது நிமிடம் ஹாலைவிட்டுப் போகாதீர்கள். ஸ்பீக்கர் வயரைச் சுற்றுகிற மாதிரி ஏதாவது செய்துகொண்டிருங்கள். வரவேண்டியவர் கூட்டம் கலைந்த பிறகுதான் வருவார், அதுவும் பெரும்பாலும், "என் ஃபிரெண்டுக்கு ஒரு பிரச்சினை" என்றுதான் ஆரம்பிப்பார். உண்மையிலேயே நண்பனாகவும் இருக்கலாம், ஆராயாதீர்கள், நண்பனுக்கே பதில் சொல்லுங்கள்.

தற்கொலை எண்ணம் அதிகமாகும்போது உதவி கேட்கும் மனம் கூடுவதில்லை, குறைகிறது. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். ஆக, மிக மோசமான நிலையில் இருப்பவர் உங்கள் பேச்சைக் கேட்டு எழுந்து வருவார் என்று எதிர்பார்க்க முடியாது, அவருடைய ரூம்மேட்தான் வருவார். அதனால்தான் நாலு வரியை நண்பனுக்காகவும் எழுதச் சொன்னேன்.

வந்தவர் பேச்சில் 'இருந்து என்ன பிரயோஜனம்' மாதிரி ஏதாவது வந்தால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுங்கள்: "தற்கொலை பண்ணிக்கலாம்னு எண்ணம் வருதா?" கேட்பதால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று எல்லோருக்கும் பயம். இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கேட்பதால் எண்ணம் கூடுவதாகத் தெரியவில்லை என்றுதான் 2014இல் எழுதியிருக்கிறார்கள். 'ஆமாம்' என்று பதில் வந்தால் நீங்கள் கவுன்சிலர் ஆகாதீர்கள். அவரைத் தனியாக அனுப்பாமல், கூடவே நடந்து கவுன்சிலர் அறைக்கோ வார்டனிடமோ போங்கள், அல்லது அங்கேயே உட்கார்ந்து 14416க்கு ஸ்பீக்கரில் போடுங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் 108, அல்லது அருகில் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவு. "யார்கிட்டயும் சொல்லிடாத" என்று கையைப் பிடித்துக்கொண்டால், "இதை மட்டும் என்னால தனியா வச்சுக்க முடியாது, யார்கிட்ட சொல்லலாம்னு நீயே சொல்லு" என்று தேர்வை அவரிடம் கொடுங்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்தால், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்வதைச் சொல்லலாம். அன்று இரவு நீங்களும் யாரிடமாவது பேசிவிட்டுத் தூங்குங்கள்.

பேச்சு எடுபட்டதா என்று கைதட்டலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இரண்டு வாரம் கழித்துக் கவுன்சிலரிடம் போய், பெயர் எதுவும் வேண்டாம், புதிதாக எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண் மட்டும் கேளுங்கள். இரண்டு என்பார். சில நேரம் பூஜ்யம். இன்னொரு கணக்கும் இருக்கிறது. வீடு வாடகைக்கு நோட்டீஸ் ஒட்டுவார்களே, கீழே போன் நம்பரைக் கீற்றுக் கீற்றாக வெட்டித் தொங்கவிட்டு, அதே மாதிரி 14416ஐயும் கவுன்சிலர் நேரத்தையும் எழுதி ஹாஸ்டல் குளியலறைக் கதவுகளின் உட்புறம் ஒட்டுங்கள். கதவைத் தாழ் போட்ட பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள். வாரம் ஒரு முறை போய் எத்தனை கீற்று குறைந்திருக்கிறது என்று எண்ணலாம். ஒட்டும்போதே இரண்டு கீற்றை நீங்களே கிழித்துவிடுங்கள், முழுசாக இருக்கும் நோட்டீஸில் முதல் கீற்றைக் கிழிக்க யாருக்கும் கை வராது.